ஐம்பது அடி தள்ளி நின்ற பெண்

1938 அக்டோபர் 11. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில், காலின்டன் சாலையில், ஊருக்கு வெளியே போய்க்கொண்டிருந்த டிராம் ஒன்று நிறுத்தத்தில் நின்றது. கூடையில் மீன் சுமந்து விற்கும் பெண் ஒருவர் அதிலிருந்து இறங்கினார். எட்டு மாதக் கர்ப்பிணி. அவருடைய கூடை டிராம் ஓட்டுநர் நிற்கும் மேடையில், சாலையின் நடுப்பக்கமாக இருந்தது. அதை எடுக்க டிராமின் முன்புறத்தைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். கூடையை அவர் முதுகில் ஏற்றிவிட ஓட்டுநர் கை கொடுக்கும் நேரம்.

அப்போது டிராமின் மறுபக்கமாக, நடைபாதையை ஒட்டி, ஒரு மோட்டார் சைக்கிள் வேகமாகக் கடந்து போனது. சுமார் ஐம்பது அடி தள்ளி, கிளென்லாக்கார்ட் சாலை பிரிகிற முனையில், எதிரே வந்த ஒரு கார் அந்தச் சாலைக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. மோட்டார் சைக்கிள் அதில் போய் மோதியது. ஓட்டி வந்தவர் தூக்கி எறியப்பட்டு உயிரிழந்தார்.

மீன்காரப் பெண் மோதலைப் பார்க்கவில்லை. நடுவில் டிராம் மறைத்தது. சத்தம் மட்டும் கேட்டது. தூக்கிவாரிப்போட்டதில் முதுகு பிடித்துக்கொண்டது. இறந்தவரின் உடலை அப்புறப்படுத்திய பிறகு அங்கே போனவர், சாலையில் கிடந்த ரத்தத்தைப் பார்த்தார். அதன் பிறகு நரம்புத் தளர்ச்சி வந்து வியாபாரத்துக்குப் போக முடியாமல் ஆனது. நவம்பர் 18-ஆம் தேதி அவருக்குக் குழந்தை இறந்தே பிறந்தது.

இறந்த மோட்டார் சைக்கிள்காரரின் சொத்துப் பொறுப்பாளர் மீது அவர் நஷ்டஈட்டு வழக்குத் தொடுத்தார். எடின்பரோ நீதிமன்றத்தில் தோற்று, மேல்முறையீட்டில் தோற்று, கடைசியில் லண்டனில் பிரபுக்கள் சபை வரை போனார். அங்கே ஐந்து நீதிபதிகள் 1942 ஆகஸ்டில் ஒருமித்து அவருடைய முறையீட்டைத் தள்ளுபடி செய்தார்கள். ‘பூர்ஹில் எதிர் யங்’ என்று சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக இருக்கும் வழக்கு இது.

மோட்டார் சைக்கிள்காரர் கண்மண் தெரியாத வேகத்தில் வந்தார் என்பதில் நீதிபதிகளுக்குச் சந்தேகம் இல்லை. கார் ஓட்டியவருக்கு அவர் தவறிழைத்தார் என்பதையும் ஒப்புக்கொண்டார்கள். அப்படியிருந்தும் அந்தப் பெண் தோற்றார். வேகமாக ஓட்டியது நிரூபணமாகிவிட்டால் வழக்கு பாதி வெற்றி என்று நினைக்கும் யாருக்கும் இது புரியாத புதிராகத்தான் இருக்கும். புதிருக்கு விடை, ஓட்டுநரின் தவறை நீதிமன்றம் எந்த இடத்திலிருந்து அளக்கத் தொடங்குகிறது என்பதில் இருக்கிறது.

யாரிடம் பட்ட கடமை?

கவனக்குறைவுக்கு நஷ்டஈடு கேட்டு வருபவர் மூன்று படிகளை ஏற வேண்டும். எதிர்தரப்புக்குத் தன்னிடம் கவனக் கடமை இருந்தது, அது மீறப்பட்டது, அந்த மீறலால்தான் தனக்குத் தீங்கு நேர்ந்தது என்று வரிசையாகக் காட்ட வேண்டும். பெரும்பாலான சாலை விபத்து வழக்குகளில் முதல் படியை யாரும் நின்று பார்ப்பதில்லை. கார் ஓட்டுபவருக்கு எதிரே வரும் சைக்கிள்காரரிடம் கடமை இருக்கிறதா என்று எந்த வக்கீலும் வாதாடிப் பொழுது போக்க மாட்டார். சண்டை எல்லாம் இரண்டாவது படியில் நடக்கும். வேகம் எவ்வளவு, பிரேக் போட்டாரா, சிக்னல் என்ன நிறம் என்பதுதான் அங்கே பேச்சு.

மீன்காரப் பெண்ணின் வக்கீல்களும் அந்த இரண்டாவது படியைத்தான் பலமாக நம்பினார்கள். சாலையில் கவனமில்லாமல் வண்டி ஓட்டுபவர் அந்தச் சாலையில் இருக்கும் எல்லோருக்கும் தவறிழைக்கிறார். இவரும் அந்தச் சாலையில் இருந்தவர்தான். அந்தத் தவறின் நேரடி விளைவாக இவருக்குத் தீங்கு நேர்ந்தது. ஆகவே ஈடு கொடுக்க வேண்டும். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது.

இதைத்தான் பிரபுக்கள் சபை ஏற்கவில்லை. சாலை முழுவதற்கும் பொதுவாகப் பட்ட கடமை என்று ஒன்று கிடையாது. கடமை எப்போதும் ஒரு குறிப்பிட்ட ஆளிடம் பட்டது என்றார்கள் நீதிபதிகள். ரைட் பிரபு இதை மிகத் தெளிவாக விளக்கினார். வழக்குத் தொடுக்கும் பெண் தனக்கு இழைக்கப்பட்ட தவறைக் காட்ட வேண்டும். கார்க்காரருக்கு இழைக்கப்பட்ட தவறைக் கடன் வாங்கி அதன்மேல் தன் உரிமையைக் கட்ட முடியாது. ஒரே ஓட்டுநர், ஒரே நொடியில், ஒருவர் விஷயத்தில் கடமை தவறியவராகவும் இன்னொருவர் விஷயத்தில் கடமையே இல்லாதவராகவும் இருக்கலாம்.

இந்தச் சிந்தனை அப்போது புதிதாக முளைத்ததல்ல. பத்து வருடம் முன்பு, 1932-இல், அதே ஸ்காட்லாந்திலிருந்து வந்த இன்னொரு வழக்கில் அட்கின் பிரபு அடித்தளம் போட்டிருந்தார். இஞ்சி பானப் பாட்டிலுக்குள் செத்த நத்தை இருந்ததாகச் சொல்லப்பட்ட அந்தப் புகழ்பெற்ற வழக்குதான். நான் ஒன்றைச் செய்யும்போது, அதனால் நேரடியாகப் பாதிக்கப்படக்கூடியவர்கள் என்று நியாயமாக என் நினைவில் இருந்திருக்க வேண்டியவர்கள் யாரோ, அவர்களே சட்டத்தின் கண்ணில் என் அண்டை அயலார். அவர்களிடம் எனக்குக் கவனக் கடமை உண்டு என்பது அவருடைய கருத்து. அது தயாரிப்பாளருக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவே எழுந்த வழக்கு. மோட்டார் சைக்கிள் வழக்கில் அதே கேள்வியைச் சாலையில் வைத்துக் கேட்க வேண்டியிருந்தது. மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து டிராமைக் கடக்கிறவர், மறுபக்கம் நிற்கும் பெண்ணை நினைவில் வைத்திருந்திருக்க வேண்டுமா?

ஓட்டுநரின் இருக்கையிலிருந்து

இங்கேதான் நீதிமன்றம் செய்யும் வேலையை நிதானமாகப் பார்க்க வேண்டும். நடந்து முடிந்த பிறகு பார்த்தால் எல்லாம் முன்கூட்டியே தெரிந்தது போலத் தோன்றும். குழந்தை இறந்தது நமக்குத் தெரியும். அந்தத் துயரத்திலிருந்து பின்னோக்கிக் கோடு இழுத்தால் அது நேராக மோட்டார் சைக்கிளில் போய் நிற்கும். நீதிமன்றம் அந்தக் கோட்டை இழுப்பதில்லை. மோதலுக்கு முந்தைய நொடியில் ஓட்டுநரின் இருக்கையில் நிதானமுள்ள ஒரு மனிதரை உட்கார வைக்கிறது. அவருக்கு முன்னால் என்ன தெரிந்தது, அவர் தவறாக ஓட்டினால் யார் யாருக்கு அடிபடலாம் என்று கேட்கிறது.

அப்படி உட்கார்ந்து பார்த்தால் முதலில் கண்ணில் படுவது முன்னால் இருக்கும் முனை. அங்கே திரும்பும் வண்டிகள், அவற்றில் இருப்பவர்கள், முனையில் சாலையைக் கடப்பவர்கள். டிராமைக் கடக்கும்போது அதிலிருந்து நடைபாதைப் பக்கம் இறங்கி ஏறும் பயணிகள். வேகமாக வந்தால் இவர்கள்மேல் மோத நேரிடும் என்று எந்த நிதானமுள்ள ஓட்டுநருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இவர்கள் எல்லோரும் ஆபத்தின் வட்டத்துக்குள் நிற்பவர்கள்.

மீன்காரப் பெண் எங்கே நின்றார்? மோட்டார் சைக்கிள் போன பக்கம் அல்ல, டிராமுக்கு அந்தப் பக்கம். மோதல் நடந்தபோது வண்டி அவரைத் தாண்டி ஐம்பது அடி போய்விட்டது. ஓட்டுநருக்கு அவர் தெரியவில்லை, அவருக்கும் ஓட்டுநர் தெரியவில்லை. வண்டி எப்படிச் சறுக்கியிருந்தாலும் அவர்மேல் வந்து விழுந்திருக்க வழியில்லை. தன் உடலுக்கு உடனடியாக ஆபத்து வரும் என்று நியாயமாக அஞ்சியதால் வந்த அதிர்ச்சி அல்ல அது என்பதை அவர் தரப்பே ஒப்புக்கொண்டிருந்தது. அந்த ஒப்புதல் வழக்கின் முதுகெலும்பை முறித்துவிட்டது என்றே நான் நினைக்கிறேன். அதற்குப் பிறகு அவர் தரப்பிடம் மிஞ்சியது சத்தமும் சாலையில் கிடந்த ரத்தமும்தான்.

சத்தத்தால் ஒருவர் மனம் கலங்கி நோயாளியாவார் என்று ஓட்டுநர் எதிர்பார்த்திருக்க வேண்டாமா? இதற்குப் போர்ட்டர் பிரபு சொன்ன பதில் பிற்காலத்தில் நூற்றுக்கணக்கான முறை மேற்கோளாகக் காட்டப்பட்டது. தெருவில் நடமாடும் சாதாரண மனிதர்களுக்குத் தெருவில் நடக்கக்கூடியவற்றைத் தாங்கும் மனத்திடம் இருக்கும் என்று ஓட்டுநர் எடுத்துக்கொள்ளலாம். மோதல் சத்தமும் அடுத்தவர் அடிபட்டுக் கிடக்கும் காட்சியும் அதில் அடங்கும் என்பது அவர் கருத்து. இந்த அளவைத் தாண்டிய மென்மை ஒருவருக்கு இருந்தால், அதை முன்கூட்டி அறியாத ஓட்டுநரிடம் அதற்கான கடமையைச் சுமத்த முடியாது.

ஆக முதல் படியிலேயே வழக்கு முடிந்தது. அதிர்ச்சிதான் குழந்தையின் இறப்புக்குக் காரணமா என்ற கனமான மருத்துவக் கேள்விக்கு பிரபுக்கள் சபை வரவேண்டிய தேவையே ஏற்படவில்லை.

இங்கே பலரும் தடுமாறும் ஒரு விதி உண்டு. அடிபட்டவர் எப்படிப்பட்டவரோ அப்படியே தவறிழைத்தவர் ஏற்க வேண்டும். அவருடைய மண்டை ஓடு முட்டை ஓடுபோல் மெல்லியது என்று சொல்லித் தப்ப முடியாது என்பது அந்த விதி. அப்படியானால் கர்ப்பிணி என்பதையும் ஓட்டுநர் ஏற்கத்தானே வேண்டும் என்று கேட்கலாம். விதி உண்மைதான், ஆனால் அது பேசுவது மூன்றாவது படியில், எவ்வளவு ஈடு என்று கணக்குப் பார்க்கும் இடத்தில். கடமையே இல்லாதவரிடம் அந்த விதியை எடுத்துப் போக முடியாது. மோட்டார் சைக்கிள் அவர்மேல் லேசாக உரசியிருந்தால் கதையே மாறியிருக்கும். கர்ப்பத்தால் வந்த விளைவு எவ்வளவு பெரியதானாலும் ஓட்டுநர் தரப்பு சுமந்திருக்க வேண்டும்.

கொஞ்சம் தள்ளி நின்றிருந்தால்

ஒரு தீர்ப்பின் எல்லையைத் தெரிந்துகொள்ள அதன் விவரங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது நல்ல வழி. இந்த வழக்கில் கற்பனையை அதிகம் நாட வேண்டியதும் இல்லை. உண்மையான வழக்குகளே இருக்கின்றன.

அந்தப் பெண் டிராமின் மறுபக்கம், வண்டி பாய்ந்து வந்த பக்கத்திலேயே நின்று, தன்மேல் மோதப்போகிறது என்று நடுங்கியிருந்தால்? 1901-இல் லண்டனில் தீர்ப்பான வழக்கு ஒன்று அதற்குப் பதில் சொல்கிறது. இரட்டைக் குதிரை பூட்டிய ஒரு வண்டி மதுக்கடைக்குள்ளேயே பாய்ந்து வந்தது. உள்ளே வேலை பார்த்துக்கொண்டிருந்த பெண்ணும் கர்ப்பிணி. வண்டி அவரைத் தொடவில்லை. ஆனால் தன் உயிருக்கே ஆபத்து என்ற பயத்தில் அவருக்குக் குறைமாதப் பிரசவம் ஆனது. அவர் வழக்கு செல்லும் என்று நீதிமன்றம் சொன்னது. உடலில் கீறல் விழவில்லை என்பது அவருக்குத் தடையாக இருக்கவில்லை. அவர் நின்ற இடமே அவரை வட்டத்துக்குள் கொண்டுவந்தது.

தன்னைப் பற்றிய பயம் இல்லாமல், தன் குழந்தையைப் பற்றிய பயம் என்றால்? இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டன் நகரில் சரிவான குறுகிய தெருவில் ஒரு லாரியை என்ஜின் ஓடும்படியே, சரியாக நிறுத்தாமல் விட்டுப் போனார்கள். அது தானாக உருண்டு இறங்கியது. தன் குழந்தைகளைச் சற்று முன்புதான் தெருவின் வளைவுவரை அனுப்பிவிட்டு நின்ற தாய், அந்த வளைவிலிருந்து லாரி தறிகெட்டு வருவதைப் பார்த்தார். குழந்தைகள் கண்ணில் படவில்லை. மூக்குக் கண்ணாடி போட்ட சிறுமிக்கு அடிபட்டது என்று யாரோ சொன்னார்கள். அவர் மகள் கண்ணாடி போட்டவள். அதிர்ச்சியில் அந்தத் தாய் பின்னர் இறந்தே போனார். 1925-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அவர் குடும்பத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பெரும்பான்மையில் இருந்தவர்களில் ஒருவர் அதே அட்கின்.

இதன் நீட்சி 1982-இல் வந்தது. ஒரு தாயின் கணவரும் மூன்று குழந்தைகளும் சாலை விபத்தில் சிக்கினார்கள். அவர் இரண்டு மைல் தள்ளி வீட்டில் இருந்தார். சுமார் இரண்டு மணி நேரம் கழித்துச் செய்தி வந்து மருத்துவமனைக்கு ஓடியவர், எண்ணெயும் அழுக்கும் அப்பியபடி கிடந்த தன் குடும்பத்தைப் பார்த்தார், ஒரு குழந்தை இறந்த செய்தியைக் கேட்டார். விபத்தின் உடனடிப் பின்விளைவைக் கண்ணால் கண்டவர் என்று சொல்லி, ஓட்டுநர்களுக்கு அவரிடம் கடமை உண்டு என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது.

இரண்டு மைல் தள்ளி இருந்தவர் உள்ளே, ஐம்பது அடி தள்ளி நின்றவர் வெளியே. அடிக்கணக்கு மட்டும்தான் அளவுகோல் என்றால் இது அபத்தம். ஆனால் சட்டம் இங்கே வேறொன்றைப் பார்க்கிறது. உடலுக்கு ஆபத்து வரும் வட்டத்துக்கு வெளியே நிற்பவரைப் பொறுத்தவரை, அடிபட்டவரோடு அவருக்கு இருந்த நெருக்கமான பாசப் பிணைப்பு, விபத்துக்கோ அதன் உடனடிப் பின்விளைவுக்கோ இடத்திலும் காலத்திலும் அருகில் இருந்தது, தன் கண்ணாலும் காதாலும் நேரடியாக உணர்ந்தது ஆகியவை சேர்ந்துதான் கடமையைத் தீர்மானிக்கின்றன. இந்த அளவுகோல்கள் 1991-இல் ஹில்ஸ்பரோ விளையாட்டரங்க நெரிசல் வழக்கில் உறுதியாக வகுக்கப்பட்டன. மீன்காரப் பெண்ணுக்கு மோட்டார் சைக்கிள்காரர் முன்பின் தெரியாதவர். ஆகவே இன்று வழக்குத் தொடுத்தாலும் அவர் வெல்வது கடினம்.

முடிவில் எனக்கு மறுப்பில்லை. கடமை ஆளுக்கு ஆள் பட்டது என்ற ரைட் பிரபுவின் தர்க்கம் இல்லாவிட்டால், ஒரு மோதல் சத்தம் கேட்ட தெரு முழுவதும் நீதிமன்ற வாசலில் நிற்க வேண்டியிருக்கும். ஆனால் போர்ட்டர் பிரபுவின் மனத்திட வாதத்தை அப்படியே ஏற்க என் மனம் ஒப்பவில்லை. தெருவில் நடமாடும் சாதாரண மனிதர் யார்? கர்ப்பிணிகள் தெருவில் அபூர்வமா? டிராமில் ஏறி இறங்கி, முதுகில் கூடை சுமந்து பிழைக்கும் பெண்களைத் தினமும் பார்த்த நகரம் அது. எந்த உடலை அளவாக வைத்துக்கொண்டு அந்தச் சாதாரண மனிதரை வரைந்தார்கள் என்ற கேள்வி தீர்ப்பைப் படிக்கும்போதெல்லாம் உறுத்துகிறது.

இந்த உறுத்தலுக்கு ஓரளவு பதிலை 1964-இல் அதே பிரபுக்கள் சபை வேறொரு வழக்கில் தந்தது. லண்டன் நடைபாதையில் குழி தோண்டிய மின்வாரியப் பணியாளர்கள், ஒரு நீண்ட கருவியைக் குறுக்கே சாய்த்து வைத்துவிட்டுப் போனார்கள். பார்வையுள்ளவர் பார்த்து விலகிவிடலாம். வெள்ளைத் தடியோடு தனியே நடந்து வந்த பார்வையற்றவர் அதில் தடுக்கி விழுந்து காது கேளாதவரானார். நகரத்தில் பார்வையற்றவர்கள் தனியே நடப்பது அபூர்வமல்ல, ஆகவே அவர்களை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று நீதிபதிகள் சொன்னார்கள். எத்தனை பேர் அப்படி நடக்கிறார்கள் என்ற கணக்கு நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டிருந்தது. மனத்திடம் பற்றிப் பேசும்போதும் இப்படிக் கணக்குப் பார்த்திருக்கலாம்.

இன்றைய நீதிமன்றத்தில்

2018-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் இந்த விஷயத்தை ஒழுங்குபடுத்தியது. ஹடர்ஸ்ஃபீல்ட் நகரத் தெருவில் ஒருவரைக் கைது செய்யப் போராடிய போலீஸார், அந்த வழியே நடந்து வந்த மூதாட்டி மேல் விழுந்த வழக்கு அது. கடமை உண்டா என்பதை ஒவ்வொரு வழக்கிலும் புதிதாக ஆராய வேண்டியதில்லை, முன்பே தீர்மானமான உறவுகளில் அது இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம் என்றார் ரீட் பிரபு. அதற்கு அவர் காட்டிய உதாரணங்களில் முதலாவது, ஓட்டுநருக்கும் சாலையில் செல்லும் மற்றவர்களுக்கும் உள்ள உறவு. ஆகவே உடலில் அடிபட்டவர் கடமையை நிரூபிக்க மெனக்கெட வேண்டியதில்லை. அடிபடாமல் அதிர்ச்சியால் மட்டும் நோயுற்றவர்தான் தான் நின்ற இடத்தை, சாலை வரைபடத்தோடும், பார்வை எல்லையோடும், தூரத்தோடும் காட்டியாக வேண்டும்.

நம் நாட்டு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களிலும் கடமை பற்றித் தனியாக வாதம் எழுவது அரிது. 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 166-ஆம் பிரிவில் மனு போடுபவர் ஓட்டுநரின் கவனக்குறைவைக் காட்ட வேண்டும்; 164-ஆம் பிரிவில் அதுகூடத் தேவையில்லை.

பிரிட்டனில் இன்னும் தீராத சர்ச்சை ஒன்று இருக்கிறது. 1987-இல் மிதமான வேகத்தில் நடந்த ஒரு மோதலில் கார் ஓட்டி வந்தவருக்குக் காயமே இல்லை. ஆனால் முன்பு அவரை வாட்டிய நாள்பட்ட சோர்வு நோய் திரும்பி வந்து, வேலைக்கே போக முடியாமல் செய்துவிட்டது. உடல் காயம் வரலாம் என்று எதிர்பார்த்திருக்க முடிந்தால் போதும், மன நோயைத் தனியாக எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை, ஆகவே கடமை உண்டு என்று 1995-இல் பிரபுக்கள் சபை மூன்றுக்கு இரண்டு என்று பிரிந்து சொன்னது. ஆபத்தின் வட்டத்துக்குள் இருப்பவரிடம் மனத்திடம் பற்றிய கேள்வியே கேட்கக் கூடாது என்பது இதன் பொருள். எடின்பரோ வழக்கில் கேட்டது போன்ற கேள்வி இனி வட்டத்துக்கு வெளியே நிற்பவர்களுக்கு மட்டுமே. இந்தப் பிரிவினை நியாயமற்றது என்று கோஃப் பிரபு உள்ளிட்ட நீதிபதிகளும் சட்ட ஆசிரியர்களும் எழுதியிருக்கிறார்கள். ஒரே சத்தத்தைக் கேட்டு ஒரே நோயில் விழும் இரண்டு பேரை அது வேறு வேறு விதிகளால் அளக்கிறது. தீர்ப்பு மட்டும் இன்றுவரை மாறவில்லை.